அடுத்தவர் கணக்கோடு வந்திறங்கிய பிஎஸ்5: விற்றவருக்கு என்ன எழுதுவது?

இணையத்தில் பழைய பிஎஸ்5 கேம் இயந்திரம் வாங்கிய வாசகர் ஒருவரின் கேள்வி இது. டிவியில் மாட்டினால் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் வருகிறது. உள்ளே போக நாலு இலக்க எண் கேட்கிறது. விளம்பரத்தில் ‘ஆறு கேம் இலவசம்’ என்று வேறு போட்டிருந்தார்களாம்.

அந்த எண் பெரிய பூட்டே இல்லை. இயந்திரத்துக்குள் மட்டும் இருக்கிறது. முழுவதும் அணைத்துவிட்டு, பவர் பொத்தானை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை யூஎஸ்பி வயரில் செருகி, பிஎஸ் பொத்தானை அழுத்தி, `Reset PS5` கொடுத்தால் பழைய கணக்கு போய்விடும். கூடவே உங்கள் ஆதாரமும் போய்விடும். அதனால் முதலில் திரையையும் இயந்திரத்தின் சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால், பதில் வரும்வரை எதையும் அழிக்க வேண்டாம். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

சுவாரசியமே அந்த ஆறு கேம்களில்தான் இருக்கிறது. டவுன்லோடு செய்த கேம் மறையாக்கப்பட்ட கோப்பு. அதைத் திறப்பது லைசென்ஸ். அது வாங்கியவரின் கணக்குக்குச் சொந்தம். `Console Sharing and Offline Play` இயக்கத்தில் இருந்தால், அந்த இயந்திரத்தில் யார் உட்கார்ந்தாலும் அந்தக் கேம்களை ஆடலாம். ஆனால் ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பிஎஸ்5-இல்தான் இந்த வசதி. விற்றவர் நாளை புதிய பிஎஸ்5 வாங்கி அங்கே இதை இயக்கினால், உங்களிடம் உள்ளதில் அணைந்துவிடும். கோப்பு அப்படியே வட்டில் கிடக்கும், படத்தின் மேல் பூட்டுச் சின்னத்தோடு. ‘என் பாஸ்வேர்டையே தர்றேன், அப்படியே ஆடுங்க’ என்றால் சம்மதிக்காதீர்கள். அதை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டிஸ்க்கில் உள்ள கேமுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இலவசம் என்று டிஜிட்டல் கேம்களைக் காட்டி விலை ஏற்றுவது, என் பார்வையில், ஏமாற்றுதான்.

‘என் கணக்கை இங்கிருந்தே நீக்கிட்டேன்’ என்றும் விற்றவர்கள் சொல்வார்கள். இணையதளம் வழியாகக் கணக்கை விடுவித்தால் லைசென்ஸ் உறவு அறும். உங்கள் திரையில் எண் கேட்பது நிற்காது. அதற்கு ரீசெட்தான் வழி.

ரீசெட்டுக்கும் அசையாத ஒன்று உண்டு: சோனி நிறுவனம் அந்த இயந்திரத்துக்கே விதித்த தடை. அது சர்வரில், இயந்திரத்தின் அடையாளத்தின் பேரில் இருக்கிறது. வட்டை அழித்துப் பயனில்லை. உங்கள் கணக்கு பிளேஸ்டேஷன் போன் செயலியில் நுழைந்து, இந்த இயந்திரத்தில் மட்டும் மறுக்கப்பட்டால் தடையைச் சந்தேகியுங்கள்.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

“வணக்கம். நீங்கள் அனுப்பிய பிஎஸ்5 வேறொருவர் கணக்கோடு வந்துள்ளது, படங்கள் இணைப்பில். சீரியல் எண் உள்ள அசல் பில்லை அனுப்புங்கள். அது சரியாக இருந்தால் நானே ரீசெட் செய்துகொள்கிறேன். சம்மதம் என்று எழுத்தில் தாருங்கள். ரீசெட் செய்தால் ஆறு கேம்களும் எனக்குக் கிடைக்காது. அதற்கான தொகையை விலையிலிருந்து கழித்து எனக்குத் திருப்பித் தாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகும் என் கணக்கு இதில் நுழையாவிட்டால், இயந்திரத்தைத் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் தர வேண்டும்.”