நான்கு விளக்கும் மின்னினால் நீங்கள் எங்கே போகிறீர்கள்?

சென்ற மாதம் மூடுபனி இறங்கிய ஒரு மாலையில், என்னிடம் ஓட்டக் கற்று உரிமம் பெற்ற ஒரு பெண், ஊட்டியில் நான்கு சாலைகள் கூடும் ரவுண்டானா ஒன்றில் கார் மோதி ஸ்கூட்டரோடு விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. காரை ஓட்டியவரோ, "நேராகப் போகிறேன் என்று நான்கு இண்டிகேட்டரும் போட்டிருந்தேனே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்று அவரையே கேட்டிருக்கிறார். ஓட்டுநர் பயிற்றுநராக இந்த மலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அந்தப் பெண் பார்க்காமல் நுழையவில்லை. நுழைவுக் கோட்டில் நின்று, வலப்பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறார். நம் ரவுண்டானாவில் வாகனங்கள் கடிகாரச் சுற்றில் செல்வதால், நடுத்திட்டு ஓட்டுநருக்கு வலப்பக்கமாகவும், வெளியே காத்திருப்பவர்கள் அவருக்கு இடப்பக்கமாகவும் இருப்பார்கள். ஆகவே நிற்பவருக்குத் தெளிவாகத் தெரிவது வரும் காரின் இடது விளக்குதான். வலது விளக்கு வளைவில் வண்டியின் மறுபுறம் மறைந்துவிடும், பனி இருந்தால் சொல்லவே வேண்டாம். நான்கு விளக்கும் மின்னும் கார் அவருக்கு, "நான் இடப்பக்கம் வெளியேறி உன் சாலைக்குள் வருகிறேன்" என்று சொல்லும் காராகவே தெரியும். அவர் அதை நம்பி நுழைந்தார். கார் வெளியேறாமல் வட்டத்திலேயே தொடர்ந்து வந்து மோதியது.

நேராகப் போவதற்கென்று நான்கு விளக்கைப் போடும் வழக்கம் எந்த விதியிலும் இல்லை. அது நின்றுபோன வண்டிக்கான எச்சரிக்கை. அது எரியும்போது பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் தண்டைத் தள்ளினாலும் பயனில்லை. வெளியேறும் நேரத்தில் நீங்கள் தர வேண்டிய ஒரே முக்கியமான சைகையை நீங்களே முடக்கிவிடுகிறீர்கள். பனியில் உங்களைப் பிறர் பார்க்க வேண்டுமென்றால் முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள், மூடுபனி விளக்கு இருந்தால் அதையும் போடுங்கள். அது போதும்.

இனி முறையைச் சொல்கிறேன். சாலையில் தடக் குறிகள் வேறுவிதமாகச் சொல்லாத வரை, முதல் வழியில் இடப்பக்கம் திரும்புபவர் இடது தடத்தில் வந்து, நுழையும் முன்பிருந்தே இடது சைகையைப் போட்டபடி செல்ல வேண்டும். நேராகச் செல்பவரும் இடது தடத்திலேயே வர வேண்டும்; ஆனால் நுழையும்போது எந்தச் சைகையும் வேண்டாம், தமக்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடது சைகை போட்டு வெளியேற வேண்டும். வலப்பக்கம் திரும்புபவரும், வந்த சாலைக்கே திரும்புபவரும் வலது தடத்தில், வலது சைகையோடு நுழைந்து, நடுத்திட்டை ஒட்டியே சுற்ற வேண்டும். தமக்கு முந்தைய வழியைக் கடக்கும்போது இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, சைகையை இடதாக மாற்றி, வெளித்தடம் காலியாக இருந்தால் மட்டும் வெளியேற வேண்டும். நம் ஊர்ச் சிறிய ரவுண்டானாக்களில் இரு வழிகளுக்கு இடையே ஓரிரு நொடிகளே கிடைக்கும் என்பதால், முந்தைய வழி உங்கள் இடப்பக்கம் வந்தவுடனே கை தண்டுக்குப் போய்விட வேண்டும். ஒற்றைத் தடம்தான் என்றாலும் சைகைகள் இவையே.

இன்னொன்றையும் மலைக்காரர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுகிய மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சரியான விதி. நாம் அனைவரும் அதில் ஊறியவர்கள். ஆனால் அந்த விதி ரவுண்டானாவின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை; 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. ஏற்றத்தில் வந்த வேகத்தை இழக்க மனமில்லாமல், ஹாரன் அடித்தபடி உள்ளே பாய்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து நில்லுங்கள். வண்டி பின்னால் உருளும் என்ற அச்சம்தான் காரணமென்றால், கைபிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்ச் பிடிக்கும் இடம் வரை மிதியை விட்டு, வண்டியின் முன்புறம் லேசாக எழும்பும்போது கைபிரேக்கை விடுவியுங்கள். வெறிச்சோடிய ஏற்றத்தில் பத்து முறை பழகினால் அச்சம் போய்விடும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள், எந்தச் சாலை என்று தெரியாமல் வட்டத்தின் நடுவே நின்றுவிடுகிறார்கள். சிலர் உள்தடத்திலிருந்து வெளித்தடத்தை ஒரே வெட்டில் தாண்டுகிறார்கள். உங்கள் வழியைத் தவறவிட்டால் வலது சைகையோடு உள்தடத்திலேயே இன்னொரு முறை சுற்றி வாருங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.