உறைந்த ஏரியின் அடிநீர்

பனிக்கட்டி மிதப்பதால்தான் குளிர்நாட்டு ஏரிகளில் மீன்கள் பிழைக்கின்றன என்கிறார்களே, அதன் அடியிலுள்ள நீர் மட்டும் உறையாமல் இருப்பது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மிதப்பது பாதி விடைதான். மறுபாதி, பனிக்கட்டி உருவாவதற்கு முன்பே 4 டிகிரி செல்சியஸில் தொடங்கிவிடுகிறது.

உறையும்போது ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. அந்த அமைப்பில் வெற்றிடம் மிகுதி என்பதால், 1000 கிலோ எடையுள்ள ஒரு கன மீட்டர் நீரின் இடத்தில் ஏறத்தாழ 917 கிலோ பனிக்கட்டியே அடங்கும்; ஆகவே அது மிதக்கிறது. குளிர்ந்த நீரிலேயே இந்த இடைவெளி மிக்க அமைப்பு அங்கங்கே தலைகாட்டுவதால், நீர் 4 டிகிரியில் உச்ச அடர்த்தியை அடைந்து, அதற்குக் கீழே குளிரக் குளிர மறுபடியும் லேசாகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சுமார் 25 மீட்டர் ஆழமுள்ள மெண்டோட்டா ஏரியைப் பார்ப்போம். இலையுதிர் காலத்தில் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனமாகி அடியில் இறங்க, அடியிலுள்ள வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரியை எட்டும்வரை இந்தப் புரளல் நீடிக்கும். அதன்பின் மேலும் குளிரும் நீர், கீழே இறங்கும் கனத்தை இழந்து மேலேயே தங்கிவிடுகிறது. 0 டிகிரிக்கும் 4 டிகிரிக்கும் இடையே ஒரு கன மீட்டருக்கு எடை வேறுபாடு ஏறக்குறைய 130 கிராம்தான். காற்று ஓய்ந்த இரவில் அந்தச் சிறு வேறுபாடே போதும். ஏரி முழுவதும் 0 டிகிரிக்கு வரவேண்டியதில்லை, மேலடுக்கு மட்டும் உறைகிறது.

காற்று பலமாக வீசினால் இந்த அடுக்குகள் கலைந்துவிடும் என்பதால், நிஜ ஏரிகளின் அடிநீர் பெரும்பாலும் 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். பனிக்கட்டி மூடியதும் காற்றின் கலக்கல் நின்றுவிடுகிறது. நீரின் வெப்பம் இனி பனிக்கட்டியின் ஊடாகக் கடத்தப்பட்டே வெளியேற வேண்டும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க அந்த இழப்பும் மெதுவாகிறது. மேலே வெண்பனி படிந்தால் இன்னும் மெதுவாகும். 1850-கள் முதல் மெண்டோட்டா உறையும் நாளும் உருகும் நாளும் பதிவாகி வருகின்றன. உடனடிப் பயன் கேட்காத இத்தகைய நீண்ட பதிவுகளுக்கு நிதி ஒதுக்குவதில் அரசுகள் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் வெப்பத்தைக் காக்கும் அதே வெண்பனி, ஒளியையும் தடுக்கிறது. ஆழம் குறைந்த, பாசியும் செடிகளும் மண்டிய ஏரிகளில் ஒளிச்சேர்க்கை நின்று, மட்கும் தாவரங்கள் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் கரையவும் வழியில்லை. குளிரில் உடலியக்கம் மந்தமாவதால் மீன்களுக்குக் குறைந்த ஆக்சிஜனே போதும் என்றாலும், அதுவும் தீர்ந்தால் அவை கூட்டமாக மடிகின்றன. பனி உருகிய பிறகே அது கரையில் தெரியவரும். எனவே அத்தகைய ஏரிகளில் பனிக்கட்டியைத் துளையிட்டு ஆக்சிஜனை அளக்கிறார்கள். குறைந்தால் காற்றூட்டும் கருவியை இயக்கி, நீரின் ஒரு பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.