பத்து விழுக்காடு பிழை, ஆனால் எந்தப் பக்கம்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்து மொத்த வியாபாரிகளுக்குச் சரக்குத் திட்டமிட்டுத் தருவது என் தொழில். இங்கே கடைகளில் தமிழிலும் மலையாளத்திலும் ஆர்டர் வரும், சரக்கில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வரும். வாரந்தோறும் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பச் சரக்கு எடுக்கிறார்கள். கணிப்பு எவ்வளவு தவறியது என்று கேட்டால் பலரும் ஒரே ஓர் எண்ணைச் சொல்கிறார்கள்: "பத்து விழுக்காடுதான் சார், நன்றாகவே இருக்கிறது." அந்த எண்ணை மட்டும் நம்பிக் குடோனை நடத்துவது ஆபத்தானது. ஏன் என்பதை வெல்ல மூட்டைகளை வைத்தே பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

ஆறு வாரங்களில் விற்ற மூட்டைகள் 100, 120, 80, 110, 90, 100. மொத்தம் 600. இதே விற்பனைக்கு இரண்டு பேர் கணிப்புச் சொல்கிறார்கள். முதலாமவர் சொன்னது 110, 108, 88, 99, 99, 90. இரண்டாமவர் சொன்னது 110, 132, 88, 121, 99, 110. ஒவ்வொரு வாரத்துக் கணிப்பும் உண்மையான விற்பனையிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, கூடுதலா குறைவா என்பதை விட்டுவிட்டு, அதை அந்த வார விற்பனையால் வகுத்துச் சராசரி எடுத்தால் கிடைப்பதுதான் சராசரி முழு விழுக்காட்டுப் பிழை. அலுவலகங்களில் இதைச் சுருக்கமாக 'மேப்' என்பார்கள். இருவருக்கும் ஒவ்வொரு வாரமும் பிழை சரியாக 10 விழுக்காடு. ஆகவே இருவரின் மேப்பும் 10.

இனி பிழையின் குறியை விடாமல் கூட்டிப் பாருங்கள். முதலாமவரின் பிழைகள் +10, -12, +8, -11, +9, -10. மொத்தம் -6. விற்பனை 600 என்பதால் சாய்வு, அதாவது பயாஸ், -1 விழுக்காடு. இரண்டாமவர் எல்லா வாரமும் கூடுதலாகவே சொன்னார். மொத்தம் +60, சாய்வு +10 விழுக்காடு.

விரிதாளில் விற்பனை B பத்தியிலும் கணிப்பு C பத்தியிலும் இருந்தால்:

```
மேப்:    =SUMPRODUCT(ABS(C2:C7-B2:B7)/B2:B7)/6
சாய்வு:  =(SUM(C2:C7)-SUM(B2:B7))/SUM(B2:B7)
```

இரண்டையும் நூறால் பெருக்கினால் விழுக்காடு. நான் கணிப்பிலிருந்து விற்பனையைக் கழிக்கிறேன், அதனால் மிகைக் கணிப்புக்கு + குறி வரும். சில நிறுவனங்கள் மாற்றிக் கழிக்கின்றன. அடுத்தவர் அறிக்கையைப் படிக்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணிப்பின்படியே சரக்கு எடுத்திருந்தால் குடோனில் என்ன நடக்கும்? முதலாமவரின் இருப்பு, தொடக்க நிலையிலிருந்து +10, -2, +6, -5, +4, -6 என்று ஏறி இறங்கும். கையில் ஒரு பத்துப் பதினைந்து மூட்டை காப்பு இருப்பு வைத்திருந்தால் போதும், எந்தக் கடைக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்காது. இரண்டாமவரின் இருப்போ 10, 22, 30, 41, 50, 60 என்று குவிந்துகொண்டே போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் பருவத்தில் தேங்கிய வெல்லம் ஈரம் இழுத்துக் கசியும். மூட்டையின் அடியில் பாகு வழிந்த பிறகு முழு விலைக்கு யார் வாங்குவார்கள்?

மருந்தும் வேறுபடுகிறது. மேப் நமக்குச் சொல்வது ஏற்ற இறக்கத்தின் அளவை. அதற்குப் பதில் காப்பு இருப்பு. சாய்வு சொல்வது ஒரே பக்கம் இழுக்கும் பழக்கத்தை. அதற்குக் காப்பு இருப்பைக் கூட்டினால் மிகைக் கணிப்பின் மேல் இன்னும் சுமை ஏற்றியதாகிவிடும். இரண்டாமவரின் கணிப்பை 1.1-ஆல் வகுத்தாலே பிழை முழுவதும் மறைந்துவிடும். நடைமுறையில் இவ்வளவு சுத்தமாகத் தீராது, ஆனாலும் திருத்தவேண்டிய இடம் கணிப்புதான். மிகைச் சாய்வின் பின்னால் பெரும்பாலும் ஒரு மனிதக் காரணம் இருக்கும்: சரக்குத் தீர்ந்து ஏச்சு வாங்கிய விற்பனையாளர் தன் எண்ணில் கொஞ்சம் ஏற்றுவார், மேலாளர் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்.

சாய்வு தற்செயலா, பழக்கமா என்று பிரித்தறிய ஒரு எளிய அளவு உண்டு. குறியோடு கூட்டிய மொத்தப் பிழையை, குறி நீக்கிய பிழைகளின் சராசரியால் வகுக்க வேண்டும். இங்கே இருவருக்கும் அந்தச் சராசரி 10 மூட்டை. முதலாமவருக்கு -0.6, இரண்டாமவருக்கு 6. நான்கைத் தாண்டினால் கணிப்பை நிறுத்திவைத்துப் பார் என்பது பரவலான வழக்கம்.

சாய்வு பூஜ்யம் என்றால் நிம்மதி என்றும் இருந்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை ஓணம் ஆண்டுதோறும் காட்டித் தருகிறது. திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15. சர்க்கரை வரட்டிக்கும் பாயசத்துக்கும் வெல்லம் போவது அதற்கு முந்தைய நாட்களில். சென்ற ஆண்டின் அதே தேதி விற்பனையைக் கணிப்பாக எடுத்து வைத்தவருக்கு என்ன ஆகும்? மூன்று கட்டங்களாகப் பிரித்து, கணிப்பு 150, 60, 60 என்றும் விற்பனை 60, 60, 150 என்றும் கொள்வோம். கூட்டினால் இரண்டும் 270, சாய்வு சுழியம். மேப் 70. சாய்வே இல்லாமல் மேப் மட்டும் உச்சத்தில் நின்றால் அளவைச் சந்தேகிக்காதீர்கள், தேதியைப் பாருங்கள். ஆண்டுத் தேதியை விட்டுத் திருவோணத்துக்கு எத்தனை நாள் முன்பு என்று விற்பனையை அடுக்கிப் பார்த்தால் பிழையின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

மேப்புக்கே உரிய ஒரு குறை எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஒரு சரக்கு ஒரு வாரம் 50, மறுவாரம் 150 விற்கிறது. இரண்டு வாரமும் 100 என்று கணித்தவரின் பிழைகள் 100, 33 விழுக்காடு. மேப் சுமார் 67. இரண்டு வாரமும் 50 என்று குறைத்துச் சொன்னவரின் பிழைகள் 0, 67. மேப் சுமார் 33. பாதி சரக்கைக் கணிக்கத் தவறியவருக்கு மதிப்பெண் இருமடங்கு நன்றாக வருகிறது! விற்பனையால் வகுப்பதால் குறைத்துச் சொன்ன பிழை நூறைத் தாண்டாது, கூட்டிச் சொன்ன பிழைக்கு எல்லையே இல்லை. ஆகவே மேப்பை மட்டும் வைத்து ஊக்கத்தொகை கொடுக்கும் இடத்தில் கணிப்புகள் மெல்லக் கீழே இறங்கும். இங்கே சாய்வைப் பார்த்தால் 100 என்று கணித்தவருக்குச் சுழியம், 50 என்று கணித்தவருக்கு -50. குறி நீக்கிய பிழைகளின் மொத்தத்தை மொத்த விற்பனையால் வகுத்தால் இருவருக்கும் 50 வரும். அதுவே நியாயமான ஒப்பீடு. ஒரு வாரம் எதுவுமே விற்காவிட்டால் மேப்பைக் கணக்கிடவும் முடியாது, மெதுவாக நகரும் சரக்குக்கும் இந்த இரண்டாம் முறையே உதவும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான விற்பனை எண்ணே பொய் சொல்லும் வாரமும் உண்டு. 80 மூட்டை கணித்து 80 எடுத்தீர்கள், வியாழனோடு தீர்ந்துவிட்டது. ஏட்டில் விற்பனை 80, பிழை சுழியம், சாய்வும் சுழியம். வெள்ளியும் சனியும் கேட்டுத் திரும்பிய கடைக்காரர்கள் ஏட்டில் இல்லை. அந்த 80-ஐ வைத்தே அடுத்த வாரமும் கணித்தால் தட்டுப்பாடு நிலைத்துவிடும், அறிக்கை மட்டும் அழகாக இருக்கும். நான் வேலை செய்யும் குடோன்களில் கொடுத்த சரக்குக்குப் பக்கத்திலேயே கேட்டுக் கொடுக்க முடியாத சரக்குக்கு ஒரு பத்தி போடச் சொல்கிறேன். மூட்டை எண்ணிக்கை, கடை, தேதி மூன்றும் இருந்தால் போதும். மேப்பையும் சாய்வையும் கணக்கிடும்போது B பத்தியில் அந்த இரண்டையும் கூட்டிய எண்ணையே போட வேண்டும்.