நோட்டுக்குப் பின்னால் தங்கம் இல்லையாமே என்று பதறி வருகிறவர்களுக்கு

இந்த மாதமும் எங்கள் வங்கிக் கிளைக்கு ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்து, 'தங்கத்தின் ஆதாரம் உள்ளது' என்று சொல்லி விற்கப்பட்ட ஏதோ ஒரு டிஜிட்டல் காயினில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், எனக்குப் பல வருடமாகக் காதில் விழும் அதே வாக்கியம்: "ரூபாய் வெறும் காகிதம்தானே சார், ரிசர்வ் வங்கி அதற்கு ஈடாகத் தங்கம் வைக்காமலே அச்சடிக்கிறதாமே!" காயின் விற்ற ஏஜெண்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

ஏஜெண்ட் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதனால்தான் இந்த வியாபாரம் நன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு நோட்டுக்கும் சமமான தங்கம் ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில் இருப்பதாகப் பள்ளிக்கூடத்திலிருந்தே நம்பி வந்தவரிடம், அப்படி எதுவும் இல்லை என்று ஒருவர் ஆதாரத்தோடு காட்டினால் அடிவயிறு கலங்கத்தானே செய்யும்? அந்த நேரம் பார்த்துக் காயினை நீட்டுகிறார்கள்.

ஆகவே கணக்கை நானே சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 31 அன்று மக்கள் கையிலும் வங்கிகளிடமும் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு கிட்டத்தட்ட 34.8 லட்சம் கோடி ரூபாய். அந்த நோட்டுகளுக்கு ஈடு என்று ரிசர்வ் வங்கி தன் ஆண்டறிக்கையில் காட்டிய தங்கம் 308 டன். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.64 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்த் தங்கம்கூடத் தேறாது. உங்கள் பையில் இருக்கும் 500 ரூபாய் நோட்டுக்குச் சுமார் 24 ரூபாய்த் தங்கம். மீதிக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு அரசுகளின் கடன் பத்திரங்கள். அந்தப் பத்திரங்களும் வேறொரு நாட்டுக் காகிதத்தைத் தருவதாகச் சொல்லும் காகிதம்தான்!

சட்டம் கேட்பது இதைவிடவும் குறைவு. 1956 வரை, வெளியிடும் நோட்டின் மதிப்பில் 40 சதவீதத்துக்குத் தங்கமும் வெளிநாட்டுப் பத்திரமும் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அது மாற்றப்பட்டு, 1957-இலிருந்து குறைந்தபட்ச இருப்பு என்று ஒரு தொகை மட்டும்தான்: மொத்தம் 200 கோடி, அதில் தங்கம் 115 கோடி. நோட்டு எத்தனை லட்சம் கோடி ஆனாலும் அதே 115 கோடிதான். இது ரகசியமும் இல்லை, மோசடியும் இல்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

சரி, நோட்டில் கவர்னர் கையெழுத்துக்கு மேல் 'தர உறுதியளிக்கிறேன்' என்று போட்டிருக்கிறதே? எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். 500 ரூபாய் நோட்டுக்கு ஐந்து நூறு ரூபாய் நோட்டு தருவார்கள், அல்லது நாணயமாகத் தருவார்கள். தங்கம் தர மாட்டார்கள். ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தால் அந்த வாசகமே இருக்காது. அதை வெளியிடுவது மத்திய அரசு, கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. உறுதிமொழி இல்லை என்று அந்த நோட்டை யாராவது வேண்டாம் என்றதுண்டா? மொய்க் கவரில் வைக்கத் தேடி அலைகிறார்கள்.

பெட்டகத் தங்கத்துக்கும் நோட்டு செல்வதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அன்று இரவு ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. நோட்டின் காகிதமும் அதேதான். ஆனாலும் மறுநாள் காலை அந்த நோட்டைக் காட்டினால் டீக்கடைக்காரர் முடியாது என்று தலையாட்டினார்.

தங்கம், வெள்ளி போலத் தனக்கென்று மதிப்புள்ள பொருளே பணமாகப் புழங்கினால் அது பண்டப் பணம். அரசின் ஆணையாலும் மக்களின் ஏற்பாலும் மட்டுமே செல்வது ஃபியட் பணம். முன்னது கெட்டியானது, பின்னது மோசடி என்று பேசுகிறவர்கள் நம் ரூபாயின் சொந்தக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது.

19-ஆம் நூற்றாண்டு ரூபாய் உண்மையான பண்டப் பணம். ஒரு தோலா எடை, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கல்கத்தா அல்லது பம்பாய் நாணயச் சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். அதனால் ரூபாயின் மதிப்பு வெள்ளியின் விலையை ஒட்டியே நடந்தது. 1870-களில் ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்குப் போனதும் வெள்ளி விலை சரிந்தது, ரூபாயும் கூடவே சரிந்தது. பிரிட்டிஷ் பணத்தில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெறுமான ரூபாய் 1892-இல் சுமார் ஒன்றே கால் ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் எடுத்த முடிவுக்கு இங்கே நம் பணத்தின் மதிப்பு விழுந்தது.

1893 ஜூன் 26 அன்று, பொதுமக்களின் வெள்ளியை வாங்கி நாணயம் அடிப்பதை அரசு நிறுத்தியது. சில ஆண்டுகளில் ரூபாய் ஒரு ஷில்லிங் நாலு பென்ஸில் நின்றது. உள்ளே இருந்த வெள்ளியோ அதைவிட நன்றாகவே மலிவு. அதாவது அன்றைக்கே ரூபாய், வெள்ளியில் அச்சடித்த நோட்டு மாதிரி ஆகிவிட்டது. கையில் வாங்கியவர் யாரும் அதை உணரவில்லை, கடைகளும் வழக்கம்போல வாங்கிக்கொண்டன.

முதல் உலகப் போரின்போது நேர் எதிராக நடந்தது. வெள்ளி விலை ஏறி, நாணயத்தில் எழுதிய மதிப்பைவிட உள்ளே இருக்கும் வெள்ளியே அதிகம் பெறும் நிலை வந்தது. ஜனங்கள் நாணயத்தைப் பதுக்கினார்கள், உருக்கினார்கள். உருக்குவதை அரசு தடை செய்தது. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டையே அச்சடித்து வெளியிட்டது. பண்டப் பணத்தின் தலைவலி இதுதான். பண்டத்தின் விலை இறங்கினால் பணத்தின் மதிப்பும் இறங்கும், ஏறினால் பணம் புழக்கத்திலிருந்தே காணாமல் போகும்.

பிறகு காகிதம் எதனால் செல்கிறது? எங்கள் கேஷ் கவுண்டரில் இதற்கு ஒரு உதாரணம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது: பத்து ரூபாய் நாணயம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரரும் வாங்குவதில்லை, பஸ்ஸிலும் வாங்குவதில்லை. நடுவிலிருந்து விரியும் கோடுகள் பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி என்று ஒரு வதந்தி. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று. சட்டம் இருக்கிறது, அரசு இருக்கிறது, உலோகம்கூட இருக்கிறது. ஆனாலும் வாங்காத கடைக்காரரிடம் கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை சார், நான் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்களே" என்பார். பணத்தைப் பற்றிய பாடம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. நான் வாங்குவது, அடுத்தவர் என்னிடம் வாங்குவார் என்பதற்காக. (தயவுசெய்து வாங்குங்கள். எங்கள் கேஷியர்களுக்கு எண்ணி முடியவில்லை.)

இதன் மறுபக்கம் ஈராக்கில் நடந்தது. 1990-க்கு முன் அங்கே நல்ல தரத்தில் அச்சான தினார் நோட்டுகள் இருந்தன. 'சுவிஸ் தினார்' என்று பெயர். வளைகுடாப் போருக்குப் பின் சதாம் உசேன் அரசு மட்டமான காகிதத்தில் புது நோட்டை அடித்துத் தள்ளியது. 1993-இல் பழைய 25 தினார் நோட்டு செல்லாது என்றும் அறிவித்தது. பாக்தாத்தின் பிடியில் இல்லாத வடக்குக் குர்து பகுதி மக்கள் அதைச் சட்டை செய்யவில்லை, பழைய நோட்டையே தொடர்ந்து புழங்கினார்கள். அந்த நோட்டுக்குப் பின்னால் தங்கம் இல்லை. வெளியிட்ட அரசே கைவிட்டுவிட்டது. ஆனால் அதை மேற்கொண்டு யாரும் அச்சடிக்க முடியாது. பத்து வருடம் கழித்து, சதாம் வீழ்ந்தபின் 2003-இல் புதிய தினார் வந்தபோது, ஒரு சுவிஸ் தினாருக்கு 150 புதிய தினார் கொடுத்தார்கள். சதாம் படம் போட்ட ஒரு தினாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு புதிய தினார். இரண்டும் காகிதம். இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், எவ்வளவு அச்சடிக்கப்பட்டது என்பதுதான்.

அடுத்தவர் வாங்குவார் என்ற நம்பிக்கை, அளவோடு அச்சடிப்பது, இந்த இரண்டோடு நம் ரூபாய்க்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. வருமான வரி, ஜிஎஸ்டி, வீட்டு வரி எல்லாம் ரூபாயில்தான் கட்ட வேண்டும். உங்களுக்கு ரூபாய் பிடிக்காவிட்டாலும் அது தேவைப்படுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வங்கியில் வாங்கிய கடனை ரூபாயில் திருப்பிக் கட்டினால் நாங்கள் வாங்கியே ஆக வேண்டும், மறுக்க முடியாது.

அதற்காக ஃபியட் பணத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து பெட்டகத்தில் இல்லை, அச்சகத்தில் இருக்கிறது. 2009-இல் ஜிம்பாப்வே நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு அடித்தது. மக்கள் அதை உதறிவிட்டு அமெரிக்க டாலருக்குப் போனார்கள். இங்கே விலைவாசி உயர்வை 4 சதவீதத்தில், இரண்டு புள்ளி மேலே கீழே போகலாம் என்ற வரம்புக்குள் வைத்திருக்கும் பொறுப்பை 2016-இலிருந்து சட்டம் ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. கவலைப்படுவதானால் மாதாமாதம் வரும் அந்தப் பணவீக்க எண்ணைப் பார்த்துக் கவலைப்படுங்கள். 4 சதவீதமே நீடித்தாலும் இன்றைய நூறு ரூபாய் 18 வருடத்தில் ஐம்பது ரூபாய்ச் சாமான்தான் வாங்கும். அதனால் நோட்டைப் பீரோவில் அடுக்கி வைப்பது முட்டாள்தனம். அதற்கு மருந்து யாரோ வாட்ஸ்அப்பில் விற்கும் காயின் இல்லை.

தங்கம் வேண்டுமா, வாங்குங்கள். ஹால்மார்க் உள்ள நாணயமாக வாங்குங்கள், அல்லது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கீழ் இருக்கும், சந்தையில் வாங்கி விற்கக்கூடிய தங்க ஈடிஎஃப் யூனிட்டாக வாங்குங்கள். ஆப்களில் விற்கும் 'டிஜிட்டல் கோல்டு' தன் ஒழுங்குமுறைக்குள் வராது என்று செபியே எச்சரித்திருக்கிறது. 'தங்க ஆதாரம் கொண்ட' காயின் என்று யாராவது வந்தால், தங்கம் எந்தப் பெட்டகத்தில், யார் பெயரில் இருக்கிறது, தணிக்கை செய்தது யார், நாளைக்கே கேட்டால் கிராம் கணக்கில் கையில் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்றால் அதையும் கேட்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். ரசீது, பணம் அனுப்பிய ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. அடுத்த முறை டெபாசிட்டை உடைக்க வரும்போது, பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் எதற்கு என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா.