சீசரின் பூட்டுக்கு 25 சாவிகள்

ஜூலியஸ் சீசர் தம் அந்தரங்கக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, அதிலிருந்து மூன்று இடம் தள்ளியிருக்கும் எழுத்தை எழுதினார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். A என்பதற்கு D, B என்பதற்கு E. அவருக்குப் பின் வந்த அகஸ்டஸ் ஓர் இடம் மட்டுமே தள்ளினாராம். அதற்கு மேல் சிரமப்பட விரும்பவில்லை போலும்.

ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துகள். ஆகவே தள்ளுவதற்கு 25 வழிகள்தான் உண்டு. எல்லாவற்றையும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் ஒன்றில் செய்தி வெளிப்பட்டே தீரும். மனிதக் கண்ணுக்கு அது உடனே புலப்பட்டுவிடும். ஆங்கிலம் அறியாத கணினிக்குத்தான் எது சரியான விடை என்று சொல்லித்தர வேண்டும்.

இதற்கு உதவுவது 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்த உத்தி. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில எப்போதாவதுதான் தலைகாட்டும். ஆங்கிலத்தில் நூறு எழுத்துக்கு E ஏறத்தாழ 12.7 தடவை, T 9.1, A 8.2 தடவை வருகின்றன. X-இன் பங்கு 0.15 மட்டுமே. இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு 25 விடைகளுக்கும் மதிப்பெண் போடலாம்.

எப்படிப் போடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தச் செய்தியை எடுத்துக்கொள்வோம்:

```
DWWDFN DW GDZQ
```

இதில் அதிகம் வருவது D, நான்கு தடவை. ஆங்கிலத்தில் அதிகம் வருவது E. எனவே D-தான் E என்று அவசரக்காரர் முடிவுகட்டினால் கிடைப்பது EXXEGO EX HEAR. சரி, ஊகம் வேண்டாம்; ஒவ்வொரு விடையிலும் உள்ள எழுத்துகளின் சதவீதங்களைக் கூட்டி, அதிகம் பெற்றதைத் தேர்ந்தெடுப்போம் என்றால் முதல் மூன்று இடங்கள் இப்படி அமைகின்றன (இடப்பக்கம் இருப்பது எத்தனை இடம் பின்னோக்கித் தள்ளினோம் என்ற எண்):

```
25  EXXEGO EX HEAR  81.0
18  LEELNV LE OLHY  77.5
 3  ATTACK AT DAWN  76.8
```

உண்மையான செய்தி மூன்றாம் இடத்தில் நிற்கிறது! கூட்டல் இங்கே ஏமாற்றிவிட்டது. நான்கு E-க்களே 50.8 மதிப்பெண்ணை அள்ளித் தந்துவிட்டன. மூன்று X வந்ததற்கோ தண்டனை எதுவும் இல்லை, அவை 0.45 சேர்த்தன, அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டே எழுத்துகளில் மூன்று X இருக்கும் ஆங்கில வாக்கியத்தை எங்கே தேடுவது?

கூட்டாமல் பெருக்க வேண்டும். சதவீதங்களை நிகழ்தகவுகளாகக் கருதி ஒன்றோடொன்று பெருக்கினால், ஒவ்வொரு X-உம் மொத்தத்தை 0.0015 மடங்காகச் சுருக்கிவிடும். அப்போது ATTACK AT DAWN முதலிடத்துக்கு வருகிறது. EXXEGO அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பின்தங்கிவிடுகிறது. நடைமுறையில் பெருக்குவதற்குப் பதில் மடக்கைகளைக் கூட்டுவார்கள். விடைகளின் வரிசை மாறாது. சில நூறு எழுத்துகளின் நிகழ்தகவுகளை அப்படியே பெருக்கினால் கணினி அந்த நுண்ணிய எண்ணைப் பூச்சியமாகவே கருதிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

இருந்தாலும் LEELNV LE OLHY இலேசில் விடுவதாயில்லை. பெருக்கிப் பார்த்தாலும் சரியான விடை அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் முன்னே நிற்கிறது. அதை வெற்றி என்று சொல்வதைவிட அதிர்ஷ்டம் என்பதே பொருத்தம். A மிகுந்த இந்தச் சிறு செய்தியில் E என்ற எழுத்தே இல்லை. அட்டவணை சொல்லும் சராசரியை எட்டுவதற்குப் பன்னிரண்டு எழுத்துகள் போதாது. ஆகவே நிரல் எழுதுபவர் முதலிடம் பெற்ற விடையை மட்டும் அச்சிட்டு நிறுத்தக் கூடாது. இரண்டாம் இடத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் முதல் நான்கைந்து விடைகளைக் கண்ணால் படித்துப் பார்ப்பதே நல்லது.

செய்தி சற்று நீண்டால் நிலைமை தலைகீழாகிவிடும். ATTACK AT DAWN FROM THE NORTH என்று இருந்திருந்தால், அதே 18 இடத் தள்ளலில் புதிதாகச் சேரும் பகுதி QCZX ESP YZCES என்று ஆகும். Q, X, இரண்டு Z எல்லாம் ஒரே நேரத்தில் காட்டிக்கொடுக்க, உண்மையான விடை பல கோடி மடங்கு முன்னே போய்விடும்.

செய்தியை நீட்டுவது நம் கையில் இல்லையென்றால், தனி எழுத்துகளை விட்டு அடுத்தடுத்த இரட்டைகளுக்கு மதிப்பெண் போடலாம். AT, TA, TT ஆகியவை ஆங்கிலத்தில் சாதாரணம். ஒரு சொல்லுக்குள் NV-யை invite போன்றவற்றில் காணலாம். LN-ஐக் காண்பது அபூர்வம். அதற்கு 26 எண்களுக்குப் பதில் 676 எண்கள் கொண்ட அட்டவணை தேவைப்படும். அதுவும் ஆங்கிலத்துக்கு மட்டுமே பொருந்தும். சீசரின் உண்மையான கடிதத்தை இந்த அட்டவணைகளிடம் கொடுத்தால், லத்தீனில் W என்ற எழுத்தே இல்லை என்பதுகூட அவற்றுக்குத் தெரியாது.