லாபிலிருந்து போன் வரவில்லை என்றால் நிம்மதி என்று யார் சொன்னது?

"ரத்தத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் லாப்பே உடனே போன் பண்ணிச் சொல்லிடுவாங்க." பினாங்கில் எந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். நோயாளி சொல்வார், கூட வந்த மகள் சொல்வாள். வருத்தம் என்னவென்றால், கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். இதை மறுத்து மறுத்து வாய் வலித்துவிட்டது. அண்மையில் நடந்த ஒன்றைச் சொன்னாலாவது புரிகிறதா பார்ப்போம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பல வருடச் சர்க்கரை நோய், சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரில், கால் வீக்கத்துக்கு ஸ்பிரோனோலாக்டோன். இரண்டுமே உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் மருந்துகள். அதனால்தான் டாக்டர் சிறுநீரகப் பரிசோதனையோடு பொட்டாசியமும் கேட்டிருந்தார். காலை 9.10க்கு மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள், அரை மணி நேரம் உறையவிட்டுச் சுழற்றினார்கள். ரைடர் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டித் தீவுக்குள் வந்து லாபில் கொடுத்தது 11.42. இதுவரை யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

12.20க்கு மெஷின் அளந்தது. பொட்டாசியம் 6.9. ஐந்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே அதிகம் என்று எழுதுவோம். ஆறரையைத் தாண்டினால் இதயத் துடிப்பு எந்த நேரமும் தடுமாறலாம். டாக்டரைப் போனில் பிடித்தே ஆக வேண்டிய எண் அது.

மாலை 5.50 வரை யாரும் பிடிக்கவில்லை.

எப்படி என்று கேட்பீர்கள். இங்கேதான் அந்தத் தப்பெண்ணத்தின் வேர் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இன்றைக்குப் பெரிய லாப்களில் எல்லா ரிசல்ட்டையும் மனிதர் பார்த்து அனுப்புவதில்லை. கம்ப்யூட்டரில் விதிகள் போட்டு வைத்திருக்கிறோம். எண் நியாயமான எல்லைக்குள் இருக்கிறது, சுழற்றியபின் மேலே பிரிந்து நிற்கும் சீரம் தெளிவாக இருக்கிறது, போன தடவை வந்த எண்ணோடு பெரிய வித்தியாசம் இல்லை என்றால், யார் கையும் படாமல் ரிப்போர்ட் வெளியே போய்விடும். இதற்கு ஆட்டோ வெரிஃபிகேஷன் என்று பேர். விதிக்குள் அடங்காத எண் மட்டும் ஒரு பட்டியலில் நிற்கும், யாராவது வந்து பார்க்கும் வரை.

அதாவது நல்ல ரிசல்ட் ஓடி வந்துவிடும். கெட்ட ரிசல்ட்தான் வழியில் நிற்கும். ஜனங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். ஆபத்தான எண் சைரன் வைத்துக்கொண்டு முதலில் வரும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இன்னொரு தடவை அளக்க, குழாயைக் கண்ணால் பார்க்க, ஆள் ஒருவர் முடிவெடுக்க, நிறுத்தி வைக்கப்படுவது அதுதான். நிறுத்தி வைப்பது தப்பில்லை. பொட்டாசியம் பொய் சொல்லும் எண். ஊசி போடும்போது ரத்த அணு உடைந்தால் ஏறும். கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தால் ஏறும். ஊதா மூடிக் குழாயிலிருந்து மஞ்சள் மூடிக் குழாய்க்கு ரத்தத்தைக் கொஞ்சம் ஊற்றினால் கூரைக்கே போகும். (குழாயில் குறைகிறதே என்று ஊற்றி நிரப்பும் புண்ணியவான்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஊதா மூடிக்குள் இருப்பது பொட்டாசியம் உப்பு.) அதனால் சரிபார்க்க நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தியதை யாராவது எடுத்துப் பார்க்கவும் வேண்டுமே?

அந்த லாபில் இரண்டு அனலைசர். பொட்டாசியம் 6.0க்கு மேல் வந்தால் இரண்டாவது மெஷினில் மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அன்று இரண்டாவது மெஷின் ஆஃப். எலக்ட்ரோடு மாற்றி, மறுநாள் எஞ்சினியர் வந்து சரிபார்க்கட்டும் என்று வைத்திருந்தார்கள். மெஷினை நிறுத்தியவர்கள் விதியை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது: மறு அளவுக்கான ஆர்டரை, ஓடாத மெஷினின் வரிசையில் கொண்டுபோய்ப் போட்டது. ஓடாத மெஷினின் வரிசையை யார் திறந்து பார்ப்பார்கள்? லாப் பெஞ்சில் வேலையில் இருந்தவர்கள் திரையில் ஃபில்டர் போட்டு முதல் மெஷினின் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. மூன்று மணிக்கு ஷிஃப்ட் மாறியபோது "பெண்டிங் ஒன்னும் இல்ல" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் திரையில் ஒன்றும் இல்லை. குழாய் மற்ற குழாய்களோடு ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது.

கிளினிக் ஏன் கேட்கவில்லை? அவர்களுக்கு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்திருந்தது! சோடியம், யூரியா, கிரியாட்டினின் எல்லாம் விதிக்குள் அடங்கியதால் வெளியே போய்விட்டன. பொட்டாசியம் வரியில் எண்ணுக்குப் பதிலாகப் 'பின்னர் அனுப்பப்படும்' என்ற குறிப்பு. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. ரிப்போர்ட் வந்தாச்சு, ஃபைலில் போட்டாச்சு. மணி இரண்டு.

மாலை ஷிஃப்ட்டின் சூப்பர்வைசர் அக்கா ஏதோ வேறு குழாயைத் தேடும்போது ஃபில்டரை எடுத்துவிட்டு எல்லா மெஷினையும் திரையில் கொண்டு வந்திருக்கிறார். ஒரே ஒரு வரி. பெற்ற நேரம் 11.42, நிலை 'ரிப்பீட் பெண்டிங்', பக்கத்தில் சிவப்பில் 6.9. பெஞ்சில் இருந்த தம்பி, "அது மெஷின் ரெண்டுக்கா, ஆஃப்ல இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். ஆஃபில் இருக்கும் மெஷினுக்கு வரிசை எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

அவர் அடுத்துச் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும். முதலில் குழாயை எடுத்து வரச் சொன்னார். பேரும் அடையாள அட்டை எண்ணும் படிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். சீரத்தை வெளிச்சத்தில் பிடித்தார், வைக்கோல் நிறம். ரோஜா நிறமாக இருந்தால் அணு உடைந்திருக்கும். சீரத்தையும் அணுக்களையும் பிரிக்கும் ஜெல் தடுப்பு நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. இது முக்கியம். ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி ஜெல் பிரித்துவிட்ட சீரத்தில் சில மணி நேரம் போனாலும் பொட்டாசியம் பெரிதாக மாறாது. சுழற்றாத ரத்தம் ஃபிரிட்ஜில் இருந்திருந்தால் கதை வேறு: குளிரில் அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும், மறுபடி அளந்தும் பிரயோசனம் இல்லை. அடுத்து அதே குழாயில் கால்சியத்தைப் பார்த்தார். ஊதா மூடி ரத்தம் கலந்திருந்தால் கால்சியம் கீழே விழுந்திருக்கும், விழவில்லை. மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதிக்கக் காலையில் ஓட்டிய கண்ட்ரோல் சரியாக இருந்ததா என்று பார்த்துவிட்டு, முதல் மெஷினிலேயே கைமுறையாகப் புது ஆர்டர் போட்டு ஓட்டினார். 6.8.

உடனே போன். கிளினிக் கவுண்டரில் சொல்லிவிட்டு வைக்கவில்லை, டாக்டரே வர வேண்டும் என்று காத்திருந்தார். பேர், எண், எப்போது எடுத்த ரத்தம் என்று சொல்லி, டாக்டரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, நேரத்தை எழுதிக்கொண்டார். டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, வண்டி எடுத்து நேராக எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார். இசிஜியில் மாற்றம் இருந்தது, சிகிச்சை கொடுத்து வார்டில் சேர்த்தார்கள். பாட்டிக்குக் கால் கொஞ்சம் தளர்ச்சியாக இருந்ததே தவிர வேறு தொந்தரவு எதுவும் தெரியவில்லையாம். பொட்டாசியம் அப்படித்தான், பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று. அந்த நாளின் நேரக் கணக்கு அறிக்கையை நீங்கள் ஐந்து மணிக்கு எடுத்திருந்தால் எல்லாம் பச்சையாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்த அறிக்கை முடிந்த வேலைகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றுதான் கணக்குப் போடுகிறது. முடியாத வேலை அதில் வரவே வராது. எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு நேரமும் அது கணக்குக்கு வெளியே. மேனேஜ்மென்ட் மீட்டிங்கில் சராசரியைக் காட்டிப் பெருமைப்படுவதை விட்டுவிட்டு, 'இப்போது கிடப்பதில் மிகப் பழையது எது' என்று கேளுங்கள். ஃபில்டர் இல்லாமல், எல்லா மெஷினும் சேர்த்து, பழையது மேலே வரும்படி பட்டியல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. யார் பார்க்க வேண்டும் என்று ஷிஃப்ட் தாளில் பேர் எழுதுங்கள், "எல்லாரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மெஷினை நிறுத்தும்போது அதன் விதியையும் ஓடும் மெஷினுக்குத் திருப்பிவிடுங்கள். முதல் அளவிலேயே உயிர் ஆபத்தான எண் வந்து, குழாயிலும் சந்தேகப்பட ஒன்றும் இல்லையென்றால், மறு அளவு தாமதமாகும் என்று சொல்லியே அந்த எண்ணை டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். உறுதியாகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள்.

கிளினிக் தங்கச்சிகளே, உங்களைத் திட்ட மனம் வரவில்லை, உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை என்று தெரியும். காலையில் அனுப்பிய குழாய்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எத்தனை டெஸ்ட் கேட்டீர்கள், எத்தனை எண் வந்தது என்று கடை மூடும் முன்னால் ஒத்துப் பாருங்கள். எண் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் லாபுக்குப் போன் போடுங்கள். "சும்மா கேட்டேன்" என்று தயங்க வேண்டாம்.

நோயாளிகளே, ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ரிசல்ட் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். அந்த நேரம் தாண்டினால் நீங்களே கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறும் பிரஷர் மருந்தும் உள்ளவர்கள் கட்டாயம் கேளுங்கள். படிவத்தில் எப்போதும் எடுக்கும் கைப்பேசி எண்ணை எழுதுங்கள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அடிக்கும் வீட்டு போன் எண்ணை அல்ல.

மறுநாள் காலை எஞ்சினியர் வந்து இரண்டாவது மெஷினைச் சரிபார்த்து ஓடவிட்டார். திரையில் அதன் வரிசை திறந்தபோது முதல் வரியில் அந்தப் பழைய ரிப்பீட் ஆர்டர் அப்படியே நின்றது. மெஷின் பாட்டியின் குழாயைக் கேட்டது.