ரப்பர் வைத்த பிறகு தரை கூடுதலாக அதிர்வது ஏன்?

இயந்திரம் தரையை அதிரவைத்தால் உடனே அடியில் ரப்பர் பேட் வைத்துவிடுகிறார்கள். வைத்த பிறகு அதிர்வு கூடிவிட்டது என்று என்னைக் கூப்பிடும்போது, பேட் தரமில்லை என்ற புகாரும் கூடவே வரும். பெரும்பாலும் தரத்தில் குறை இருக்காது. அந்த இயந்திரத்தின் வேகத்துக்கு அது போதுமான அளவு அமுங்கவில்லை, அவ்வளவுதான்.

1440 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும் விசிறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுழலும் பாகத்தில் எடை சற்று ஒருபக்கம் கூடியிருந்தால், நொடிக்கு 24 முறை தள்ளும். ஸ்டார்ட் செய்ததும் வரும் தொடக்க ஆட்டம் விரைவில் அடங்கிவிடும். அப்புறம் ஓடும் வரை அந்த 24 ஹெர்ட்ஸிலேயே ஒரே சீராக ஆடும். அதில் தரைக்கு எவ்வளவு இறங்கும் என்பது, பேட்டின் மேல் நிற்கும் இயந்திரத்தின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது ஒருமுறை தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதைப் பொறுத்தது.

அதைக் கணக்கிடப் பெரிய கருவி வேண்டாம். இயந்திரத்தின் எடையால் பேட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்தால் போதும்:

f = 15.8 / √d

இதில் d மில்லிமீட்டரில், f ஹெர்ட்ஸில். 0.5 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் சுமார் 22. ஓடும் வேகமோ 24. கிட்டத்தட்ட ஒத்ததிர்வு! ஆட்டத்தை எவ்வளவு அடக்குகிறது என்பதைச் சொல்லும் தணிப்பு விகிதம் 0.05 என்று வைத்தால், நேராகத் தரையில் போல்ட் போட்டிருந்தால் இறங்கியிருக்கும் விசையைப்போல 5 மடங்கு தரைக்குப் போகும். போதாக்குறைக்கு, அதிரும்போது ரப்பர் இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும். அதனால் உண்மையான எண் 24-ஐ மேலும் நெருங்கும்.

ஓடும் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணைப்போல √2 மடங்கைத் தாண்டினால்தான் கடத்தல் விகிதம், அதாவது போல்ட் போட்டிருந்தால் இறங்கும் விசையில் தரைக்குப் போகும் பங்கு, ஒன்றுக்குக் கீழே வரும். அதற்குள் இருக்கும் எந்தப் பேட்டும் கெடுதல்தான். நான் குறைந்தது 3 மடங்கு கேட்பேன். இங்கே அது 8 ஹெர்ட்ஸ், அதாவது 4 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங். அப்போது எட்டில் ஒரு பங்கு விசைதான் தரைக்குப் போகும்.

தணிப்பைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். √2-க்கு மேலே அது கடத்தலைக் கூட்டவே செய்யும். ஆனாலும் கொஞ்சம் வேண்டும்: ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் விசிறி அந்த 8 ஹெர்ட்ஸைக் கடந்தாக வேண்டும். வேகத்தைக் குறைக்கும் டிரைவ் இருந்தால் 480 ஆர்.பி.எம். பக்கம் நிறுத்திவைத்து ஓட்டக் கூடாது.

சந்தேகம் இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கவனியுங்கள். வேகம் இறங்கத் தொடங்கியதும் அதிர்வு கூடி, அப்புறம் அடங்கினால், இயல்பு அதிர்வெண் ஓடும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

இந்தக் கணக்கு தரை விறைப்பானது என்று வைத்துப் போட்டது. மேல்மாடித் தளமும் எடைக்குச் சற்றுத் தொய்யும். அங்கே அந்தத் தொய்வைவிடப் பல மடங்கு அமுங்கும் ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட வேண்டும்.